காப்பீட்டுத் தொகை 5 லட்சம், ஆனால் பில்லில் உங்கள் பங்கு எவ்வளவு?

மருத்துவக் காப்பீட்டில் காப்பீட்டுத் தொகை 5 லட்சம் என்பது உச்சவரம்பு மட்டும்தான். பிரீமியம் குறைவாக இருந்தால், பில்லில் முதலில் நீங்களே கட்ட வேண்டிய நிலையான தொகையான டிடக்டிபிள், மீதியில் உங்கள் சதவீதப் பங்கான கோ-பேமென்ட் இரண்டையும் தேடிப் பாருங்கள். டிடக்டிபிள் 50,000 ரூபாய், கோ-பேமென்ட் 20 சதவீதம், மருத்துவமனை பில் 4 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக டிடக்டிபிளை முதலில் கழிப்பார்கள்; மீதி மூன்றரை லட்சம். அதில் 20 சதவீதம், அதாவது 70,000, உங்கள் தலையில். ஆக, கையிலிருந்து போவது 1,20,000 ரூபாய்.

அப்புறம், டிடக்டிபிள் ஒவ்வொரு கிளெய்முக்குமா, வருட மொத்தத்துக்கு ஒரு தடவையா என்று பாலிசியில் பாருங்கள். ஒரே வருடத்தில் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் படுத்தால், முதல் வகையில் இரண்டு முறையும் கழியும்.

வந்த கிளெய்ம்களில் நிறுவனம் எத்தனை சதவீதத்தைத் தீர்த்தது என்று சொல்லும் கிளெய்ம் செட்டில்மென்ட் விகிதத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். அது பெரும்பாலும் எண்ணிக்கைக் கணக்கு, தொகைக் கணக்கு அல்ல. கேட்டதில் பாதியைக் கொடுத்தாலும் 'தீர்த்தாயிற்று' என்றே சேரும்.