நினைவூட்டல் ஒருமுறை மட்டும் போக வைத்த விதம்

கொழும்பில் எங்கள் கடையின் பாக்கி இன்வொய்ஸ்களுக்கு கூகுள் ஷீட்டிலிருந்து மின்னஞ்சல் போகும். முதலில் “தவணை கடந்து 7 நாள் ஆனால் அனுப்பு” என்று சரியாக 7 என வைத்திருந்தேன். போயா தினத்தில் அனுப்புவதில்லை. 7ஆம் நாள் போயாவில் விழுந்தால் அந்தக் கடிதம் போகாமலே போய்விடும். “7க்கு மேல்” என்றாலோ தினமும் போகும். நாள் எண்ணைப் பார்த்து அனுப்புவதை விட்டுவிட்டு, எத்தனையாவது கடிதம் என்ற படியைக் கணக்கிட்டதும் சரியாயிற்று. D தவணை நாள், E நிலை, F நிறுத்தி வைக்கும் நாள்.

```
=IF(OR(E2="paid",F2>TODAY()),0,IFS(TODAY()-D2>=21,3,TODAY()-D2>=7,2,TODAY()-D2>=1,1,TRUE,0))
```

கடைசியாக அனுப்பிய படி G2-இல் இருக்கும். கணக்கிட்ட படி அதைவிடப் பெரிதென்றால் மட்டும் ஸ்கிரிப்ட் அனுப்பி, G2-ஐ மாற்றும்.

முதல் படி: “அண்ணா, இன்வொய்ஸ் கிடைத்ததா? பிரதியை இணைத்திருக்கிறேன்.” இரண்டாவதில் தொகையும், எந்த நாளில் தருவீர்கள் என்ற கேள்வியும். மூன்றாவதில் உறவுச்சொல் இல்லை: “வெள்ளிக்கிழமைக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஓடரை அனுப்ப மாட்டோம்.” சொன்னபடி நிறுத்தத் தயாரில்லை என்றால் இந்த வரியை எழுதவே கூடாது.

பின்திகதியிட்ட காசோலை தந்தவருக்குக் கடுமையான கடிதம் போனால் உறவு கெடும். காசோலை வாங்கியவுடனே அதன் திகதியுடன் 3 நாள் கூட்டி F-இல் போடுங்கள். காசோலை திரும்பினால், அந்த நாள் வந்ததும் தவணை கடந்த நாட்களுக்கு உரிய படி, G2-ஐவிடப் பெரிதென்றால் தானாகவே போகும்.