ரீஅப்லோட் பிடிக்க ஃபிங்கர்பிரிண்ட் போடுறப்ப எங்கெல்லாம் சறுக்குது

நம்ம சைட்ல ஒருத்தர் போட்ட போட்டோவ இன்னொருத்தர் எடுத்து திரும்ப ஏத்துறாரு, அத ஆட்டோமேட்டிக்கா பிடிக்கணும்னு சொன்னா நிறைய பேர் முதல்ல போய் நிக்கிறது `SHA-256`, இல்லன்னா `MD5`, அதாவது பைல ஃபிங்கர்பிரிண்ட் மாதிரி ஒரு சின்ன எண்ணா சுருக்குற ஹாஷ். பைல் அப்படியே மாறாம வந்தா இது போதும். ஆனா வாட்ஸப்ல ஒரு தடவ போயிட்டு வந்தாலே போட்டோ திரும்ப கம்ப்ரஸ் ஆகிடும், கண்ணுக்கு ஒரு வித்தியாசமும் தெரியாது, ஹாஷ் மட்டும் சுத்தமா வேற ஆகிடும். ஒரு பைட் மாறினாலும் முழு ஹாஷும் மாறணும்னுதான் அத செஞ்சே வச்சிருக்காங்க, அதனால அந்த இடத்துல அத குத்தம் சொல்லி பிரயோஜனமில்ல.

இங்க வேண்டியது படம் கொஞ்சம் மாறினா ஹாஷும் கொஞ்சம் மட்டும் மாறணும்ங்கிறது. இருக்கிறதுலயே எளிமையானது `dHash`. படத்த கருப்பு வெள்ளையாக்கி 9 பிக்சல் அகலம், 8 பிக்சல் உயரத்துக்கு சுருக்குவாங்க, ஒவ்வொரு வரிசையிலயும் பக்கத்து பிக்சல விட இது வெளிச்சமா இல்லையான்னு பாத்து 1 இல்ல 0 போடுவாங்க, ஒரு வரிசைக்கு 8 பிட், 8 வரிசைக்கு மொத்தம் 64 பிட். ரெண்டு படம் ஒண்ணுதானான்னு பாக்க எத்தன பிட் வேற வேறயா இருக்குன்னு எண்ணினா போதும்:

```python
bin(a ^ b).count("1")
```

இந்த எண்ணிக்கைக்கு வைக்கிற எல்லைலதான் பெரிய தப்பு நடக்குது. ஃபேஸ்புக் 2019ல `PDQ`ன்னு இதே மாதிரி ஒரு பட ஹாஷ ஓப்பன் சோர்ஸா விட்டாங்க, அது 256 பிட், 31 பிட் வரைக்கும் வித்தியாசம் இருந்தா ஒரே படம்னு எடுத்துக்கலாம்னு சொல்றாங்க. அந்த 31அ எங்கயோ பாத்துட்டு அப்படியே 64 பிட் `dHash`க்கு வச்சிடுறாங்க. யோசிச்சு பாருங்க, சம்பந்தமே இல்லாத ரெண்டு 64 பிட் ஹாஷ் எடுத்தாலே சராசரியா 32 பிட்தான் மாறும். அப்போ 31ன்னு வச்சா கிட்டத்தட்ட பாதி உலகமே மேட்ச் ஆகும். எல்லைங்கிறது அந்தந்த ஹாஷுக்கும் உங்ககிட்ட இருக்கிற படங்களுக்கும் சேந்தது, உங்க படத்துல இருந்தே சில ஆயிரம் ஜோடிய கையால "ஆமா, இல்ல"ன்னு குறிச்சு வச்சு அதுல இருந்துதான் எடுக்கணும்.

அப்படி எடுத்தாலும் டெஸ்ட்ல நல்லா வர்றத நம்பி விட்டுடாதீங்க. ஒரு பேச்சுக்கு, ஒரு கோடி ஒப்பீட்டுல ஒண்ணுதான் தப்பா மேட்ச் ஆகுதுன்னு வைங்க, கேக்க சூப்பரா இருக்கும். டேட்டாபேஸ்ல 10 லட்சம் படம் இருந்தா ஒவ்வொரு அப்லோடும் 10 லட்சம் படத்தோட மோதுது, ஒரு நாளைக்கு ஒரு லட்சம் அப்லோடுன்னா தினமும் 10,000 தப்பு மேட்ச் வரும். அதனால ஹாஷ் மேட்ச் ஆச்சுங்கிறத தீர்ப்பா எடுக்கவே கூடாது, "இந்த ஜோடிய இன்னும் கூர்ந்து பாரு"ங்கிற சிபாரிசு மட்டும்தான் அது. அடுத்த கட்டமா ரெண்டு படத்தையும் இன்னும் விவரமா ஒப்பிடுற செக் ஒண்ணு கண்டிப்பா வேணும்.

அந்த தப்பு மேட்சும் எல்லா படத்துலயும் சமமா பரவி வராது, ஒரு சில வகையிலயே வந்து குவியும். முழு கருப்பு படத்துல எந்த பிக்சலும் இன்னொண்ண விட வெளிச்சம் இல்ல, `dHash` மொத்தமும் பூஜ்யம், அப்போ எல்லா கருப்பு படமும் ஒரே படம். வெள்ள பேப்பர்ல நாலு வரி இருக்கிற ஸ்க்ரீன்ஷாட்டும் இதே கததான். `PDQ` இதுக்காகவே ஹாஷோட சேத்து 0 முதல் 100 வரைக்கும் ஒரு குவாலிட்டி மார்க் குடுக்கும், 50க்கு கீழ இருந்தா அந்த ஹாஷ ஒதுக்கிடலாம். நிறைய பேர் இந்த மார்க்க சேவ்கூட பண்றதில்ல, பண்ணுங்க. மீம் இன்னும் மோசம், அதே டெம்ப்ளேட்ல வேற வசனம் போட்டா படத்தோட பெரும்பகுதி ஒண்ணுதான், ஹாஷும் கிட்டக்கிட்ட வந்து நிக்கும், ஆனா சொல்ற விஷயம் நேர் எதிரா இருக்கலாம். இத குவாலிட்டி மார்க் காப்பாத்தாது, எழுத்த தனியா படிச்சு ஒப்பிடணும்.

அடுத்து வேகம். ஒவ்வொரு அப்லோடுக்கும் டேட்டாபேஸ் முழுக்க ஒண்ணொண்ணா எண்ணிட்டு இருந்தா சின்ன சைட்டுக்கே மூச்சு முட்டும். இதுக்கு ஒரு அழகான வழி இருக்கு, எனக்கு ரொம்ப பிடிச்சது. `PDQ`வோட 256 பிட்ட 16 துண்டா வெட்டுங்க, துண்டுக்கு 16 பிட். மொத்த வித்தியாசம் 31 தாண்டலன்னா, 16 துண்டுலயும் ரெண்டு ரெண்டு பிட் தப்பாக முடியாது, அதுக்கு 32 வேணுமே. அப்போ ஏதோ ஒரு துண்டுலயாவது அதிகபட்சம் ஒரு பிட்தான் மாறியிருக்கும். ஒரே துண்டு இருக்கிற படங்கள முன்னாடியே ஒரே கட்டா பிரிச்சு வச்சுட்டா துண்டுக்கு 17 தேடல், அதாவது அப்படியே ஒண்ணு, ஒவ்வொரு பிட்டா மாத்தி 16. மொத்தம் 272 தேடல். 10 லட்சம் படத்துல சுமார் 4,000 படம் மட்டும் எடுத்து முழுசா எண்ணினா போதும், ஒரு மேட்ச்கூட தவறாது. நிஜ படங்கள் ஒரே சீரா பரவி இருக்காது, அதனால சில கட்டுல கூட்டம் சேரும். அங்கயும் பாத்தா அந்த கருப்பு படங்கதான் உக்காந்திருக்கும்.

படத்த மட்டும் நம்புறதும் தப்புதான். 2019 மார்ச்ல நியூசிலாந்து கிரைஸ்ட்சர்ச் மசூதி தாக்குதல் வீடியோவ முதல் 24 மணி நேரத்துல 15 லட்சம் தடவ அழிச்சதா ஃபேஸ்புக் சொன்னாங்க, அதுல 12 லட்சத்துக்கு மேல ஏத்துறப்பவே தடுத்தது. மீதி எப்படி உள்ள வந்துச்சு? வெட்டி ஒட்டினது, டிவி திரைய போன்ல படம் பிடிச்சதுன்னு 800க்கும் மேல வேற வேற வடிவம். ஸ்க்ரீன் ரெக்கார்டிங்க பிடிக்க சத்தத்தையும் சேத்து ஒப்பிட வேண்டி வந்துச்சு.

சத்தத்துக்கு, பாட்ட கேட்டு அது எந்தப் பாட்டுன்னு சொல்ற ஷஸாம்ல இருந்த ஏவரி வாங் 2003ல எழுதின முறைதான் இன்னைக்கும் புரிஞ்சுக்க சுலபம். எந்த நேரத்துல எந்த ஸ்ருதி பலமா இருக்குன்னு படம் வரைஞ்சு உச்சிப் புள்ளிய மட்டும் எடுத்து, பக்கத்து பக்கத்து புள்ளிய ஜோடி சேத்து, ரெண்டு ஸ்ருதியும் நடுவுல இருக்கிற நேர இடைவெளியும் சேந்தது ஒரு ஹாஷ். இங்க வழக்கமா பண்ற தப்பு, எத்தன ஹாஷ் ஒத்துச்சுன்னு வெறுமனே எண்ணுறது. நம்ம 10 வினாடி துண்டு முதல் பாட்டோட 60 ஹாஷ் ஒத்துப்போகுது, ரெண்டாவது பாட்டோட 25தான்னு வைங்க. முதல் பாட்டுன்னு சொல்லிடத் தோணும். ஒத்த ஒவ்வொண்ணுக்கும் பாட்டுல இருக்கிற நேரத்துல இருந்து துண்டுல இருக்கிற நேரத்த கழிச்சு பாருங்க. முதல் பாட்டுல 12, 140, 77ன்னு சிதறிக் கெடக்கு, ரெண்டாவதுல 25ல 22க்கு விடை 62 வினாடி. துண்டு 62வது வினாடில இருந்து எடுத்தது, ரெண்டாவது பாட்டுதான்.

இதுக்கும் எல்லை உண்டு. பாட்ட 5 சதவீதம் வேகமா ஓடவிட்டா ஸ்ருதியும் ஏறும், இடைவெளியும் சுருங்கும், ஹாஷ் பெரும்பாலும் உடஞ்சிடும். ரீஅப்லோட் பண்றவங்க இத நல்லா தெரிஞ்சு வச்சிருக்காங்க. உங்க சிஸ்டம்ல ஒரே பாட்டுக்கு மேட்ச் எண்ணிக்கை திடீர்னு குறைஞ்சு, ஆனா அந்தப் பாட்டு இன்னும் ஓடிட்டு இருக்குன்னு ஆளுங்க புகார் பண்ணா, முதல்ல வேகத்த கொஞ்சம் கூட்டி கொறச்சு நாலஞ்சு விதமா அதே துண்ட தேடிப் பாருங்க, எதாவது ஒண்ணுல கழிச்ச விடை ஒரே இடத்துல வந்து குவியும்.