மளிகைக் கடையில் பற்று: பழைய பாக்கியைப் புதுக் கணக்கில் சேர்க்காதீர்கள்

புதிதாகக் கடை போடுகிற பிள்ளைகள் முதல் மாதம் ‘கடன் கேட்காதீர்’ என்று எழுதி மாட்டுகிறார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பலகைக்குக் கீழேயே உட்கார்ந்து பற்று எழுதுகிறார்கள். அதைக் குறை சொல்ல மாட்டேன். பஸ் நிலையத்தை ஒட்டிய கடை என்றால் ரொக்கம் மட்டும்தான் சரி. வாங்கினவர் மறுபடி வருவாரா தெரியாது. மாதச் சம்பளக்காரர்கள் குடியிருக்கும் தெருவில் அப்படி நின்றால் மாத லிஸ்ட் முழுக்கச் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விடும், நமக்குத் தீப்பெட்டியும் கறிவேப்பிலையும்தான் மிஞ்சும். பற்று கொடுக்கலாம். அதை எப்படி முடிக்கிறோம் என்பதில்தான் கடை கவிழ்கிறது.

பாக்கியை அடுத்த மாதத்தோடு சேர்த்து எழுதுவது

எத்தனை பேருக்குச் சொன்னாலும் ஏறாத விஷயம் இது. வாடிக்கையாளர் ஐந்தாம் தேதி வருகிறார். “அண்ணாச்சி, இப்போ மூவாயிரத்து ஐந்நூறு வச்சுக்கோங்க, மீதியை அடுத்த மாசத்தோட சேர்த்துக்கலாம்” என்கிறார். பெரும்பகுதி வந்துவிட்டதே என்று கடைக்காரருக்கும் சந்தோஷம். மிச்சத்தைப் புதுப் பக்கத்தின் தலையில் எழுதி, அதன் கீழேயே அன்றைய துவரம்பருப்பையும் எழுதிவிடுகிறார்.

ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். முதல் மாதம் 4,200 ரூபாய்க்குச் சரக்கு, கொடுத்தது 3,500. இரண்டாம் மாதம் 4,400-க்கு வாங்கி 4,000 கொடுத்தார். மூன்றாம் மாதம் 4,500-க்கு 3,500. நான்காம் மாதம் 4,300-க்கு 4,000. ஐந்தாம் மாதம் 4,600-க்கு 3,000. ஒரு மாதம்கூட அவர் பணம் கொடுக்காமல் இருக்கவில்லை. ஆனால் நிற்கிற பாக்கி 4,000.

இந்த ஐந்து மாதத்தில் அவர் வாங்கியது 22,000 ரூபாய்க்கு. அரிசி, எண்ணெய், சர்க்கரையில் லாபம் குறைவு. சோப்பு, பிஸ்கட்டில் கொஞ்சம் கூடுதல். எல்லாம் கலந்து நூற்றுக்கு எட்டு என்று வைத்தாலும் நமக்குக் கிடைத்திருக்க வேண்டியது 1,760. அந்த லாபம் முழுக்கப் பாக்கியில் மாட்டியதோடு, கை முதலிலும் 2,240 போயிருக்கிறது. அந்த 4,000 வராமலே போனால், அதை ஈடுகட்ட இன்னும் 50,000 ரூபாய்க்கு ரொக்க வியாபாரம் செய்ய வேண்டும்.

அப்புறம்தான் உண்மையான நஷ்டம். பாக்கி பெருகியதும் அவருக்கு நம் முகத்தைப் பார்க்கக் கூச்சம் வருகிறது. அடுத்த தெருக் கடையில் ரொக்கம் கொடுத்து வாங்க ஆரம்பிக்கிறார். நம்மிடம் கடன், அங்கே காசு! ஆள் கெட்டவர் இல்லை. மொத்தம் ஏறியதே அவரை விரட்டிவிட்டது.

இது வரப்போவது முன்கூட்டியே தெரியும். முன்பு “மொத்தம் எவ்வளவு?” என்று கேட்டவர் கேட்பதை நிறுத்துவார். தானே வராமல் பிள்ளையை அனுப்புவார். கொடுக்கிற பணம் எப்போதும் ரவுண்டாக இருக்கும். கணக்கைப் பார்த்துக் கொடுப்பவர் 4,185 என்று சில்லறையோடு எண்ணுவார்.

அப்படிப்பட்டவருக்குப் பற்றை நிறுத்துங்கள், சரக்கை நிறுத்தாதீர்கள். பழைய பாக்கியைத் தனிப் பக்கத்தில் எழுதி, அவரிடம் ஒரு கையெழுத்து வாங்குங்கள். “இதை வாரம் இருநூறாகக் கொடுங்க, புதுச் சாமானுக்கு மட்டும் காசு கொடுங்க” என்று முகம் சுளிக்காமல் சொல்லலாம். 4,000 தீர இருபது வாரம் ஆகும், ஆகட்டும். அதுவரை ரொக்க வியாபாரம் நம் கடையிலேயே நடக்கும். இதைச் சொல்ல வேண்டிய நேரம் பாக்கி 700-ஆக இருக்கும்போது. 4,000 ஆனபிறகு சொன்னால் பாதிப் பேர் திரும்பி வருவதில்லை.

விலை போடாமல் எழுதுவது

‘எண்ணெய் 1’ என்று எழுதினால் மாதக் கடைசியில் சண்டை. எண்ணெய் விலை ஒரே மாதத்தில் மாறும். கொடுத்த அன்றைக்கே ரூபாயைப் போடுங்கள், வாடிக்கையாளர் கையில் இருக்கிற சிறு நோட்டிலும் அதையே எழுதுங்கள்.

பால், முட்டை, சிகரெட்

பற்றில் கொடுக்கவே வேண்டாம்.

கடைப் பையனை எழுத விடுவது

விடாதீர்கள்.

கடனுக்காக விலையைக் கூட்டுவது

பற்றுக்காரருக்குக் கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூட்டிப் போடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. பாக்கெட்டில் அச்சிட்ட எம்.ஆர்.பி.க்கு மேல் வாங்குவது சட்டப்படியே தப்பு. உதிரிச் சரக்கில் கூட்டினாலும் பக்கத்து வீட்டில் விலை விசாரிக்க அவருக்கு எவ்வளவு நேரம் ஆகும்? தெரிந்த அன்றிலிருந்து, நியாயமான பாக்கியைக் கேட்டால்கூட நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார்.