நள்ளிரவில் சில்லர் நின்றால்: மருத்துவமனை மொட்டைமாடியில் ஒரு செய்முறை

பராமரிப்பு வேலைக்குப் புதிதாக வந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வெறும் படிகளாக எழுதினால் மனதில் நிற்காது. அதனால் ஒரு தம்பி ஓர் இரவில் செய்ததை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன். கீழக்கரைக்கும் மண்டபத்துக்கும் நடுவில், கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் ஒரு மருத்துவமனை. வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத இளம் பொறியாளர் இரவு டியூட்டியில் இருந்தார். நான் போனில் மட்டும்தான் இருந்தேன்.

முதலில் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். மாடியில் இருக்கும் சில்லர் தண்ணீரை ஏறக்குறைய 7 டிகிரிக்குக் குளிர வைக்கிறது. பம்ப் அந்தத் தண்ணீரை ஒவ்வொரு தளத்துக்கும் தள்ளுகிறது. அங்கே ஏ.ஹெச்.யூ. எனும் பெட்டியில் காற்று அந்தக் குளிர்ந்த குழாய்களைத் தொட்டுக் குளிர்கிறது, தண்ணீர் 12 டிகிரியாகச் சூடேறித் திரும்பி வருகிறது. அறைகளில் எடுத்த சூட்டையெல்லாம் சில்லர் தன் கண்டென்சர் வழியாக வெளிக்காற்றில் கொட்டுகிறது. கண்டென்சருக்கு மேலே பெரிய ஃபேன்கள் காற்றை இழுத்து வானத்தைப் பார்த்து ஊதும். இங்கே ஒரு சில்லரில் ஆறு ஃபேன். இன்னொரு சில்லர் உதிரி பாகத்துக்காகக் காத்துக் கிடந்தது.

இரவு 1:40க்கு ஐ.சி.யூ. சிஸ்டர் கூப்பிட்டார். "தம்பி, காத்து வருது, குளுமை இல்ல." இந்த ஒரு வரியிலேயே பாதி விஷயம் இருக்கிறது. ஏ.ஹெச்.யூ. ஓடுகிறது, தண்ணீர்தான் குளிரவில்லை.

படி 1: மாடிக்கு ஓடாதீர்கள், முதலில் நேரத்தைச் சம்பாதியுங்கள்

சில்லர் நின்றாலும் குழாய்களில் இருக்கும் தண்ணீர் இன்னும் குளிர்ச்சியாகத்தான் இருக்கும். பம்பை நிறுத்தாமல் வைத்தால் அது கொஞ்ச நேரம் தாங்கும். எவ்வளவு நேரம் என்பதைக் கணக்குப் போடலாம். இந்தக் கட்டடத்தில் குழாய்களிலும் தொட்டியிலும் சேர்த்து 4000 லிட்டர். தண்ணீர் 7 டிகிரியிலிருந்து 15 டிகிரிக்கு ஏறும் வரை ஓரளவு பயன்படும். ஒரு லிட்டர் ஒரு டிகிரி ஏற 4.2 கிலோஜூல் வேண்டும். ஆக 4000 × 8 × 4.2, ஏறக்குறைய 1,34,000 கிலோஜூல் கையில் இருக்கிறது. அன்றைய இரவு லோடு 60 டன், அதாவது சுமார் 210 கிலோவாட். அந்த வேகத்தில் பதினோரு நிமிஷத்தைத் தாண்டாது.

ஆனால் ஐ.சி.யூ.வும் ஆபரேஷன் தியேட்டரும் மட்டும் என்றால் 20 டன்தான். அதே தண்ணீர் அரை மணி நேரம் வரும். அதனால் தம்பி செய்த முதல் வேலை, வார்டுகளுக்கும் ஓ.பி.க்கும் போகும் வால்வுகளை மூடியது. வார்டு சிஸ்டர்களிடம் ஜன்னல்களைத் திறந்து மின்விசிறியைப் போடச் சொன்னார்.

தியேட்டரில் ஒரு சிசேரியன் நடந்துகொண்டிருந்தது. அங்கே போய், "இன்னும் அரை மணி நேரம் தாங்கும், அதுக்கு மேல சூடு ஏறும், டாக்டர்கிட்ட சொல்லிடுங்கக்கா" என்று நேராகச் சொன்னார். தியேட்டர் ஏ.ஹெச்.யூ.வை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் நிறுத்தாதீர்கள். குளுமை இல்லாவிட்டாலும் ஃபில்டர் வழியாக வரும் காற்றுதான் உள்ளே அழுத்தத்தை வைத்திருக்கிறது. அது நின்றால் வராந்தாக் காற்று உள்ளே நுழையும்.

படி 2: ரீசெட் பட்டனில் கை வைக்காமல் படியுங்கள்

பேனலில் `HIGH DISCHARGE PRESSURE` என்று நின்றது. கேஸ் கம்ப்ரஸரிலிருந்து வெளியேறும் அழுத்தம் 260 பி.எஸ்.ஐ.யைத் தொட்டு, பாதுகாப்பு ஸ்விட்ச் நிறுத்திவிட்டது. புதியவர்கள் செய்வது என்ன? ரீசெட் அழுத்துவது, ஓடுகிறதா பார்ப்பது, மறுபடி நின்றால் மறுபடி அழுத்துவது. ஒவ்வொரு முறையும் கம்ப்ரஸர்தான் அடி வாங்குகிறது. அதற்குப் பதில் நேரம், இரண்டு அழுத்தங்கள், தண்ணீரின் உள்வரும் வெளிச்செல்லும் வெப்பநிலை, வெளிக்காற்றின் வெப்பநிலை எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். ரீசெட் செய்தால் சில பேனல்களில் இதெல்லாம் அழிந்துபோகும்.

இன்னொன்று: அழுத்தம் அதிகம் என்று நின்றால் அது கேஸ் குறைந்ததால் இல்லை. நடுராத்திரியில் கேஸ் ஏற்றவோ இறக்கவோ யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

படி 3: ஏன் ராத்திரியில்?

என்னைக் கேட்டால் இந்தக் கேள்விதான் முழு வேலையும். இந்தக் கரையில் கண்டென்சர் தகடுகளில் உப்பு படிவது வழக்கம். உப்பு அடைத்தால் அழுத்தம் ஏறும், உண்மைதான். ஆனால் உப்பு அடைப்பு மட்டும் காரணமென்றால் மதியம் 3 மணிக்கு வெயிலில் நிற்க வேண்டும். அன்று வெளிக்காற்று 29 டிகிரிதான். பொதுவாக கேஸ் குளிர்ந்து திரவமாகும் வெப்பநிலை வெளிக்காற்றைவிடப் பதினைந்து டிகிரி போல அதிகமாக இருக்கும். இங்கே 44 டிகிரி வர வேண்டும். ஆர்-134ஏ கேஸுக்கு அது சுமார் 150 பி.எஸ்.ஐ. நின்ற இடமோ 260, அதாவது 65 டிகிரிக்கு மேல். பகலைத் தாங்கிய இயந்திரம் ராத்திரியில் இப்படி எகிறினால் ஏதோ திடீரென்று நின்றிருக்கிறது. ஃபேனைப் பார் என்றேன்.

"எல்லா ஃபேனும் சுத்துச்சுண்ணே, நிக்குறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சுப் பார்த்தேன்."

"சுத்துச்சா, ஓடுச்சா?"

கம்ப்ரஸர் நின்றாலும் இந்தப் பேனலில் ஃபேன்களை மட்டும் தனியாக ஓட வைத்துச் சோதிக்கலாம். தம்பி ஒரு காஸ் துணித் துண்டைக் குச்சியில் கட்டி ஒவ்வொரு ஃபேனுக்கு மேலும் பிடித்தார். மூன்றில் துணி வானத்தைப் பார்த்து விறைத்து நின்றது. மற்ற மூன்றில் துணி கீழே வலைக்கம்பியோடு ஒட்டிக்கொண்டது. அந்த மூன்றுக்கும் மின்சாரமே வரவில்லை. பக்கத்து ஃபேன்கள் இழுக்கும் இழுப்பில், நின்றுபோன ஃபேனின் வாய் வழியாகவே காற்று உள்ளே இறங்கி அதை எதிர்த்திசையில் சுழற்றியிருக்கிறது. ஆறில் மூன்று நின்றால் பாதி காற்று போய்விட்டது என்று நினைக்கிறோம். உண்மையில் மிச்சம் மூன்றும் கண்டென்சர் வழியாக இழுக்காமல் இந்த ஓட்டைகள் வழியாகச் சும்மா காற்றைச் சுற்றிவிடுகின்றன. உப்பு படிந்த தகடு காற்றைத் தடுப்பதால் ஓட்டை இன்னும் சுலபமான வழி. டார்ச் வெளிச்சத்தில் சுழல்வதை மட்டும் பார்த்தால் இது தெரியவே தெரியாது.

படி 4: மின்சாரத்தை நிறுத்தி, பூட்டி, அப்புறம் தொடுங்கள்

ஐசோலேட்டரை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியைச் சட்டைப்பைக்குள் வையுங்கள். பிறகு டெஸ்டரால் மின்சாரம் இல்லை என்று உறுதிசெய்யுங்கள்.

மூன்று ஃபேன்களும் ஒரே கான்டாக்டரில் இருந்தன. அதன் ஓவர்லோடு ரிலே விழுந்திருந்தது. அதை அழுத்தி ரீசெட் செய்வது பதில் ஆகாது, ஏன் விழுந்தது என்று பார்க்க வேண்டும். கான்டாக்டரைக் கையால் அழுத்திப் பிடித்து ஒவ்வொரு முனையிலும் மல்டிமீட்டரை வைத்தார். முதல் இரண்டில் கிட்டத்தட்ட பூஜ்யம் ஓம். மூன்றாவதில் தொடர்பே இல்லை. மூடியைக் கழற்றினால் ஸ்க்ரூவைச் சுற்றிப் பச்சையாகக் களிம்பு, உள்ளே கருகிய முனை. ஒரு ஃபேஸ் இல்லாமல் இரண்டில் ஓடி மோட்டார்கள் அதிக கரண்ட் இழுத்திருக்கின்றன.

புது கான்டாக்டருக்கு எங்கே போவது? பக்கத்தில் படுத்துக்கிடக்கும் சில்லரில் அதே மாடல் இருக்கிறது. கழற்றும் முன் காயில் வோல்டேஜும் ஆம்பியரும் ஒன்றா என்று பாருங்கள். 110 வோல்ட் காயிலை 230 இருக்கும் இடத்தில் மாட்டினால் புகைதான். எந்த வயர் எந்த முனையில் இருந்தது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையும் செய்துவிட்டு மோட்டாரைச் சோதிக்காமல் விட்டால் புது கான்டாக்டரும் போகும். வயர்களைக் கழற்றி 500 வோல்ட் மெகரால் வைண்டிங்குக்கும் எர்த்துக்கும் நடுவில் பார்த்தார். இரண்டு மோட்டார் 20 மெகாஓமுக்கு மேல் காட்டின. மூன்றாவது 0.4. உப்பு ஈரம் உள்ளே போயிருக்கிறது. ஒரு மெகாஓமுக்குக் கீழே இருந்தால் ஓட்டக்கூடாது. அதை இணைக்காமல் விட்டு, அதன் வாயை ஒரு பிளைவுட் பலகையால் மூடிக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். ஓட்டை அடைபட்டால் ஐந்து ஃபேனும் கண்டென்சர் வழியாகத்தான் இழுத்தாக வேண்டும்.

படி 5: ஒரு கழுவு

மின்சாரம் நின்றிருக்கும்போதே தகடுகளைக் கழுவிவிடலாம். போர் தண்ணீர் வேண்டாம். இந்தப் பக்கம் போர் தண்ணீரே உப்பு, காய்ந்ததும் இன்னொரு படலம் சேரும். காவிரிக் கூட்டுக் குடிநீர் நிரம்பிய தொட்டியிலிருந்து சாதாரண ஹோஸ் போதும். பிரஷர் வாஷரை அடித்தால் மெல்லிய அலுமினியத் தகடு மடங்கி அடைத்துக்கொள்ளும். காற்று வெளியிலிருந்து உள்ளே போகிறது, அதனால் தண்ணீர் உள்ளிருந்து வெளியே வர வேண்டும். மோட்டாரின் டெர்மினல் பெட்டிகளைப் பிளாஸ்டிக் பையால் மூடிவிட்டு அடியுங்கள். நேரமில்லாததால் இரண்டு பக்கமும் கைக்கெட்டிய வரைக்கும்தான் செய்தார்.

படி 6: மெதுவாக எழுப்புங்கள்

2:50க்கு மின்சாரம் கொடுத்தார். முதலில் ஃபேன் மட்டும், காஸ் துணி மறுபடியும். ஐந்திலும் மேலே பார்த்து நின்றது. ஃபேஸ் மாறியிருந்தால் இங்கேயே தெரிந்திருக்கும். சில்லரை நீண்ட நேரம் அணைத்து வைத்தால் கேஸ் கம்ப்ரஸர் எண்ணெயில் கரைந்துவிடும், பிறகு ஹீட்டர் பல மணி நேரம் சூடாக்கிய பின்தான் ஓட்டலாம். இங்கே எண்ணெய் இன்னும் சூடாக இருந்ததால் அந்தச் சிக்கல் இல்லை.

தண்ணீர் 19 டிகிரிக்கு ஏறியிருந்தது. இவ்வளவு சூடான தண்ணீரை முழு வேகத்தில் குளிர்விக்கப் போனால் மறுபடி அழுத்தம் எகிறும். பேனலில் லோடை 50 சதவீதத்துக்குக் கட்டிவிட்டு ஸ்டார்ட் கொடுத்தார். 120, 150, 165. அங்கே நின்றது. 200ஐத் தாண்டினால் லோடைக் குறைப்பது என்று முன்னாலேயே பேசி வைத்திருந்தோம், தேவைப்படவில்லை.

தியேட்டர் 3:40க்கு 22 டிகிரிக்கு வந்தது, ஆனால் ஈரப்பதம் இன்னும் 70 சதவீதம். கடலோரத்தில் சூடு சீக்கிரம் இறங்கும், ஈரம் இறங்காது. தண்ணீர் 7, 8 டிகிரிக்கு வந்து நின்ற பிறகுதான் காற்றிலிருந்து ஈரம் வடியும். அடுத்த ஆபரேஷனை எப்போது ஆரம்பிப்பது என்பதை நீங்கள் முடிவு செய்யாதீர்கள். இரண்டு எண்களையும் தியேட்டர் சிஸ்டரிடம் சொல்லிவிட்டு வாருங்கள்.

கடைசியாக வார்டுகள். வால்வைத் திறக்கும் முன் ஒவ்வொரு ஜன்னலையும் மூடச் சொல்ல வேண்டும். திறந்த ஜன்னல் வழியாகக் கடற்காற்று வந்துகொண்டிருக்கும்போது குளிர்ந்த காற்றை விட்டால் சீலிங் கிரில் வியர்த்து நோயாளியின் கட்டிலில் சொட்டும். ஒரு வார்டைத் திறந்து, தண்ணீர் மறுபடி 9 டிகிரிக்குக் கீழே வரும்வரை காத்திருந்து, அப்புறம் அடுத்தது.

காலை ஷிப்ட்டுக்காகத் தம்பி லாக் புத்தகத்தில் எழுதியது: நான்காம் ஃபேன் மோட்டார் 0.4 மெகாஓம், இணைக்கவில்லை, வாய் பலகையால் மூடியிருக்கிறது, லோடு 50 சதவீதத்தில் கட்டியிருக்கிறது, மதிய வெயிலுக்கு முன் மீதித் தகடுகளைக் கழுவ வேண்டும், கான்டாக்டர் இரண்டாம் சில்லரிலிருந்து எடுத்தது.