நாள்பட்ட மலச்சிக்கல்: தைராய்டையும் சர்க்கரையையும் தவறவிடுவது எப்படி?

வாரத்தில் மூன்று முறைக்கும் குறைவாக வெளிக்குப் போனால்தான் மலச்சிக்கல் என்று பலரும் கணக்கு வைத்திருக்கிறார்கள். தினமும் போனாலும் ஆட்டுப்புழுக்கை போல இறுகி வருவது, நெடுநேரம் முக்க வேண்டியிருப்பது, போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பது போலத் தோன்றுவது, இவையும் மலச்சிக்கல்தான். இவை மூன்று மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, இத்தனை வருடம் ஒழுங்காக இருந்த வயிறு காரணமில்லாமல் மாறிப்போனாலோ, அடுத்த சூரணத்தைத் தேடும் முன் ரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது. பெரும்பாலோருக்கு உணவும் பழக்கமும்தான் காரணம் என்பது உண்மை. ஆனால் தைராய்டு குறைவு, சர்க்கரை நோய், கால்சியம் கூடுதல் ஆகிய மூன்றும் மலச்சிக்கலாக மட்டுமே முகம் காட்டிக்கொண்டு வருடக்கணக்கில் ஒளிந்திருக்க முடியும்.

நாரை மட்டும் கூட்டிக்கொண்டே போவது

நாற்பத்தாறு வயதுப் பெண் ஒருவரை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். எடை 62 கிலோ. இரண்டு வருடமாக மலச்சிக்கல். முதலில் கீரை, கொய்யா. பிறகு இரவில் இசப்கோல். அதுவும் போதாமல் நிலாவரைச் சூரணம். இடையில் எடை கொஞ்சம் கூடியது, முடி கொட்டியது, மாதவிடாயில் ரத்தப்போக்கு அதிகமானது, மற்றவர்கள் மின்விசிறி கேட்கும்போது இவர் போர்வை கேட்டார். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக ஒரு சமாதானம் இருந்தது: வயசு, வேலை, மாதவிடாய் நிற்கப்போகும் காலம். நான்கையும் சேர்த்து ஒரே மருத்துவரிடம் சொல்லவில்லை என்பதுதான் இங்கே நடந்த முதல் தவறு.

தைராய்டு ஹார்மோன் குறைந்தால் குடலின் தசை சுருங்கி விரியும் வேகமும் குறைகிறது. மலம் பெருங்குடலில் அதிக நேரம் தங்குகிறது, தங்கும் நேரமெல்லாம் குடல் அதிலிருந்து தண்ணீரை உறிஞ்சுகிறது, மலம் இறுகுகிறது. இப்படி மந்தமாகிவிட்ட குடலில் நாரை மேலும் மேலும் சேர்த்தால் வயிறு ஊதுமே தவிர வேகம் கூடாது. இசப்கோலை ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு குடிக்காமல் இரண்டு வாய்த் தண்ணீரில் விழுங்கினால் அதுவே உள்ளே இறுகி அடைத்துக்கொள்ளவும் கூடும். மூன்று, நான்கு வாரம் சரியான முறையில் நார் சாப்பிட்டும் உப்புசம் மட்டுமே மிஞ்சுகிறது என்றால், அளவைக் கூட்டுவதை நிறுத்திவிட்டுக் காரணத்தைத் தேட வேண்டும்.

நிலாவரை போன்ற பேதி மருந்துகளைத் தேவைப்படும்போது எடுப்பதில் பெரிய ஆபத்து இல்லை. அளவை ஏற்றிக்கொண்டே போய், தினமும் தண்ணீராகப் பேதியாகும்படி வைத்துக்கொள்வதில்தான் சிக்கல். அப்போது உடலிலிருந்து பொட்டாசியம் வெளியேறும். பொட்டாசியம் குறைந்தால் குடல் தசை இன்னும் சோர்ந்துபோகும். ஆகவே இன்னும் பெரிய அளவு தேவைப்படும்.

டி.எஸ்.ஹெச். பார்த்தாயிற்று, சரியாக இருக்கிறது!

தைராய்டு குறைவைக் கண்டுபிடிக்க முதல் பரிசோதனை டி.எஸ்.ஹெச். தைராய்டைத் தூண்டும் ஹார்மோன் இது; தைராய்டு குறையும்போது இது கூடும். பெரியவர்களுக்குச் சுமார் 0.4 முதல் 4 வரை இயல்பு; ஆய்வகத்துக்கு ஆய்வகம் கொஞ்சம் மாறும். நம் உதாரணப் பெண்ணுக்கு இது 42. ஹீமோகுளோபின் 8.9.

இந்த எண் ஏமாற்றும் இடங்கள் இரண்டு உண்டு. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு, சில ஆய்வகக் கருவிகளில் டி.எஸ்.ஹெச். உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். முடி கொட்டுவதே தைராய்டால் இருக்கும்போது, அதற்காகச் சாப்பிடும் மாத்திரையே நோயை மறைத்துவிடுகிறது. ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே அதை நிறுத்த வேண்டும். இரண்டாவது அரிதானது: பிரசவத்தில் கடுமையான ரத்தப்போக்கு ஏற்பட்டு, பிறகு தாய்ப்பால் சுரக்காமல், மாதவிடாயும் திரும்பாமல் போன பெண்களுக்குப் பிட்யூட்டரி சுரப்பியே பழுதாகியிருக்கலாம். டி.எஸ்.ஹெச்.சைச் சுரப்பது அந்தச் சுரப்பிதான் என்பதால் இவர்களுக்கு அந்த அளவு இயல்பாகவே தெரியலாம். இவர்களுக்குத் தைராய்டு ஹார்மோனான ஃப்ரீ டி4-இன் அளவையும் சேர்த்துப் பார்க்காமல் தைராய்டு நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது.

மாத்திரைகளை ஒரே கையில் வாங்கி விழுங்குவது

நோய் தெரிந்த பிறகு நடக்கும் தவறுகளில் இதுதான் மிகப் பொதுவானது. இதற்காகக் கெட்டுப்போகும் மாதங்களும் அதிகம். இதய நோய் இல்லாத நடுவயதுக்காரருக்குத் தைராய்டு மாத்திரையான லெவோதைராக்ஸினின் முழு அளவு, கிலோவுக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். 62 கிலோவுக்கு 99 வரும்; அதனால் 100 மைக்ரோகிராம் மாத்திரை. முதியவர்களுக்கும் இதய நோயாளிகளுக்கும் 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெல்ல ஏற்றுவார்கள். ரத்தச்சோகைக்காக இந்தப் பெண்ணுக்கு இரும்புச்சத்து மாத்திரையும், கூடவே கால்சியம் மாத்திரையும் எழுதப்பட்டன. மறந்துபோகக் கூடாது என்று மூன்றையும் காலைக் காப்பியோடு சேர்த்து முடித்துவிடுவார்.

எட்டு வாரம் கழித்து டி.எஸ்.ஹெச். 27. மலச்சிக்கல் முன்பைவிட மோசம். இரும்பும் கால்சியமும் தைராய்டு மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்கின்றன. ரத்தத்தில் சேர விடுவதில்லை. காப்பியும் உறிஞ்சப்படுவதைக் குறைக்கும். இரும்பும் கால்சியமும் தாமாகவே மலத்தை இறுக்கவும் செய்யும். இந்த நிலையில் அளவை 125-க்கு ஏற்றுவது எளிது. ஆனால் ஆறு மாதம் கழித்து இரும்பு மாத்திரையை நிறுத்தியதும் அந்த 125 முழுவதும் உடம்பில் சேர்ந்து, படபடப்பு, தூக்கமின்மை, கை நடுக்கம் என்று வந்து நிற்கும்.

ஏற்ற வேண்டியது அளவை அல்ல, இடைவெளியை. காலை ஆறு மணிக்குத் தைராய்டு மாத்திரை, வெறும் தண்ணீரோடு. ஏழு மணிக்குக் காப்பி. மதியச் சாப்பாட்டோடு கால்சியம். மாலை ஆறு மணி வாக்கில் இரும்பு. படுக்கப் போகும் முன் இசப்கோல். அதுவும் தைராய்டு மருந்தின் உறிஞ்சலைக் குறைக்கக்கூடியது என்பதால் காலையில் வேண்டாம். இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் குறைந்தது நான்கு மணி நேரம் இடைவெளி வேண்டும் என்பதுதான் விதி. இப்படி மாற்றினால் அதே 100 மைக்ரோகிராமில் அடுத்த பரிசோதனையில் டி.எஸ்.ஹெச். இயல்புக்குள் வந்துவிடும் வாய்ப்பு அதிகம்.

இரண்டு வாரம் ஆச்சு, வயிறு அப்படியேதானே இருக்கிறது என்று மாத்திரையை நிறுத்துபவர்களும் உண்டு. இந்த மருந்து உடலில் பாதியாகக் குறையவே ஏழு நாள் பிடிக்கும். நிலையான அளவுக்கு வர ஐந்தாறு வாரம் ஆகும். அதனால்தான் மறு பரிசோதனையை ஆறிலிருந்து எட்டு வாரத்துக்குப் பிறகு வைக்கிறார்கள். அதுவரை மலத்தை இளக்க, பாலிஎத்திலீன் கிளைக்கால் தூள் 17 கிராமைத் தினம் ஒரு டம்ளர் தண்ணீரில் கலந்து குடிக்கலாம். அது தண்ணீரைக் குடலுக்குள்ளேயே பிடித்துவைப்பது. குடலைத் தூண்டி முறுக்குவது அல்ல.

சர்க்கரை நோயில் பேதி என்று நினைத்து அடைப்பது

பத்து வருடத்துக்கு மேல் சர்க்கரை இருப்பவர்களுக்குக் கால் நரம்பு கெடுவது போலவே குடலை இயக்கும் நரம்பும் கெடும். கால் எரிச்சலைச் சொல்வார்கள். வயிற்றைச் சொல்ல மாட்டார்கள். மலம் பல நாள் தேங்கிக் கட்டியாகி நிற்கும்போது, அதன் ஓரமாகத் தண்ணீர் போலக் கசிந்து வரும். அதைப் பேதி என்று நினைத்து, பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை போட்டால் உள்ளே இருக்கும் கட்டி இன்னும் இறுகும். நாலு நாள் சரியாகப் போகாமல் இருந்து திடீரென்று தண்ணீராக, உள்ளாடையில் கறை படும் அளவுக்குக் கசிந்தால், முதலில் மருத்துவர் ஆசனவாயில் விரல் விட்டுச் சோதிக்க வேண்டும். ஒரு நிமிடச் சோதனைதான். கூச்சத்தால் தவிர்க்கப்படுவதும் இதுதான்.

நரம்புதான் காரணமா என்று வீட்டிலேயே ஒரு தடயம் பார்க்கலாம். ஐந்து நிமிடம் படுத்திருந்து ரத்த அழுத்தம் எடுங்கள். எழுந்து நின்று ஒரு நிமிடத்திலும் மூன்று நிமிடத்திலும் மறுபடி எடுங்கள். பக்கத்தில் ஒருவர் இருக்கட்டும். மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினால் மருத்துவரிடம் சொல்ல வேண்டிய விஷயம். நீரிழப்பாலும் ரத்த அழுத்த மாத்திரைகளாலும்கூட இப்படி இறங்கலாம் என்பதால் அதை வைத்து மட்டும் முடிவு செய்ய முடியாது. சாப்பிட்டவுடன் சீக்கிரம் வயிறு நிறைந்துபோவதும், இன்சுலின் ஊசி போட்டுச் சாப்பிட்ட பிறகும் எதிர்பாராமல் சர்க்கரை தாழ்வதும் இரைப்பையும் மந்தமாகிவிட்டது என்று காட்டும்.

இன்னொரு இடமும் உண்டு. கால் எரிச்சலுக்கு இரவில் தரப்படும் அமிட்ரிப்டிலின் மலத்தைக் கட்டும். சர்க்கரைக்கும் எடைக்கும் இப்போது பரவலாகப் போடப்படும் செமாகுளுடைடு ஊசியும் அப்படித்தான். மலச்சிக்கல் தொடங்கிய மாதத்தையும் புது மருந்து தொடங்கிய மாதத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். நீங்களாக நிறுத்தாமல், அந்தக் காகிதத்தோடு மருத்துவரிடம் போங்கள். வெல்லப்பாகில் கிண்டிய லேகியமும் இரவில் இரண்டு பழமும் கைவைத்தியம் என்ற பெயரில் சர்க்கரையை ஏற்றும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

தாகம், அடிக்கடி சிறுநீர்; ஆனால் சர்க்கரை இல்லை

மலச்சிக்கலோடு தாகமும் அதிகச் சிறுநீரும் இருந்து, சர்க்கரைப் பரிசோதனை இயல்பாக வந்தால், அங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்துப் பார்க்க வேண்டியது கால்சியம். கால்சியத்தைக் கட்டுப்படுத்தும் பாராதைராய்டு சுரப்பி அதிகம் வேலை செய்தாலும் இது கூடும். வைட்டமின் டி மிஞ்சினாலும் கூடும். வாரம் ஒன்று என்று எட்டு வாரத்துக்கு எழுதித் தரப்பட்ட 60,000 யூனிட் மாத்திரையைத் தினமும் போட்டுவிடுவதும், சீட்டு முடிந்த பிறகும் மாதக்கணக்கில் தொடர்வதும் நடக்கிறது. ரத்தத்தில் கால்சியம் 10.5-க்கு மேல் போனால் ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவோடு சேர்த்து மறுபடி பார்க்கச் சொல்வார்கள்.

ஒரு காரணம் கிடைத்ததும் கோப்பை மூடுவது

டி.எஸ்.ஹெச். 6 என்று வந்தால், இரண்டு வருட மலச்சிக்கலுக்கு அதுவே காரணம் என்று சொல்லிவிட முடியாது. அந்த அளவு லேசான உயர்வு, எந்தத் தொந்தரவும் இல்லாத பலருக்கும் இருக்கும். மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக்குறைவு, ஐம்பதை நெருங்கும் வயதில் அல்லது அதற்குப் பின் புதிதாக வந்த மலச்சிக்கல், குடும்பத்தில் பெருங்குடல் புற்றுநோய், இவற்றில் ஒன்று இருந்தாலும் தைராய்டு எண் எதுவாக இருந்தாலும் பெருங்குடலுக்குள் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனாஸ்கோப்பி பற்றிக் கேட்க வேண்டும். ரத்தம் வந்தாலே மூலம்தான் என்று முடிவு செய்ய வேண்டாம். மூலம் இருப்பவருக்குப் புற்றுநோயும் இருக்கலாம். நம் உதாரணப் பெண்ணின் 8.9 ஹீமோகுளோபினுக்கு மாதவிடாய் ரத்தப்போக்கு ஒரு விளக்கம் தருகிறது. இரும்புச்சத்துக் குறைவால் அதே எண் ஓர் ஆணுக்கோ, மாதவிடாய் நின்ற பெண்ணுக்கோ வந்தால் ரத்தம் எங்கே போகிறது என்று குடலில் தேடியே ஆக வேண்டும்.

வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றுகூடப் பிரியவில்லை என்றால் அது குடல் அடைப்பாக இருக்கலாம். அந்த நேரத்தில் பேதி மாத்திரையோ விளக்கெண்ணெயோ கொடுக்காமல், சாப்பிடவும் குடிக்கவும் எதுவும் தராமல், நேராக மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோக வேண்டும்.