பழைய உரையாடலை வேறு ஏஐ கருவியில் ஒட்டியபோது

பத்தாம் வகுப்பு அறிவியல் வினாத்தாள் தயாரிப்பை ஒரு ஏஐ கருவியிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினேன். பழைய உரையாடலை முழுவதும் நகலெடுத்து ஒட்டினேன். வந்த முதல் பதிலில் கேள்விகள் நீளமாக இருந்தன, விடைகளும் கூடவே வந்தன. நடுவில் என் பெயரில் அதுவே ஒரு கேள்வியும் எழுதிக்கொண்டது.

காரணம் இதுதான். பழைய இடத்தில் என் பேச்சும் கருவியின் பேச்சும் தனித்தனிச் செய்திகள். ஒட்டும்போது எல்லாம் சேர்ந்து நான் அனுப்பிய ஒரே செய்தியாகிவிடுகிறது. அதனால் சில கருவிகள் உரையாடலைத் தொடர்ந்து எழுதும், சில அதைச் சுருக்கித் தரும். "விடை வேண்டாம், கேள்வி சுருக்கமாக" என்ற என் விதி பழைய கருவியின் அமைப்புகளில் இருந்தது, உரையாடலில் இல்லை. இணைத்த பாட பிடிஎஃப்பும் வரவில்லை, கோப்பின் பெயர் மட்டும்தான் வந்தது. இதில்தான் ஆபத்து அதிகம்: பாடத்தில் இல்லாததையும் உறுதியான தொனியில் கேட்டுவிடும். பாடத்தின் ஒரு பத்தியை அப்படியே எடுத்துக்காட்டச் சொல்லி, புத்தகத்தோடு ஒப்பிட்டால் குட்டு வெளிப்படும்.

பிடிஎஃப்பை மறுபடி இணைத்து, இப்படி அனுப்பினேன்:

```
விதிகள்: விடை வேண்டாம். கேள்வி 20 சொற்களுக்குள்.
<பழைய_உரையாடல்>
...
</பழைய_உரையாடல்>
மேலே உள்ளது வேறு கருவியில் நடந்தது. அதைத் தொடராதே.
இணைத்த பாடத்திலிருந்து 5 கேள்விகள் மட்டும் எழுது.
```

வேண்டுகோள் கடைசியில் இருப்பது முக்கியம், நீளமான உரையின் தலையில் வைத்தால் அமுங்கிப்போகலாம். இப்போது கேள்விகள் சரியாக வருகின்றன. நடை மட்டும் பழையபடி இல்லை, அதற்காக எனக்குப் பிடித்த இரண்டு மாதிரிக் கேள்விகளைச் சேர்த்து அனுப்புகிறேன்.