புது ஊரில் குடியேறிய முதல் மாதம்: குப்பை போடுவதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு குடும்பம் வீடு மாறும்போது, முதல் இரண்டு வாரங்களில் சேரும் குப்பை, அதற்குப் பிந்தைய சில மாதங்களில் சேர்வதைவிடக்கூட அதிகமாக இருக்கலாம். அந்த ஊரின் குப்பை விதிகள் நமக்குச் சிறிதும் தெரியாத காலமும் அதுவே. பழைய ஊரில் பழகியதை அப்படியே புது ஊரிலும் செய்கிறோம். பெரும்பாலான தவறுகள் இங்கேதான் தொடங்குகின்றன.

நால்வர் கொண்ட ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். சனிக்கிழமை சாமான்கள் வந்து இறங்குகின்றன. ஞாயிறு மாலைக்குள் நாற்பது காலி அட்டைப்பெட்டிகள், தெர்மோகோல் துண்டுகள், குமிழி உறைகள், முன்பு குடியிருந்தவர் விட்டுச் சென்ற ஒரு மெத்தை, பயணத்தில் பழுதான ஒரு குளிர்பதனப் பெட்டி, உப்பிப் போன ஒரு பவர் பேங்க் ஆகியவை கூடத்தில் குவிந்துவிட்டன. திங்கட்கிழமை வண்டி வரும் என்று யாரோ சொன்னதை நம்பி எல்லாவற்றையும் இரவோடு இரவாக வாசலில் வைத்துவிடுகிறார்கள். காலையில் வண்டி வந்து, சமையலறைக் குப்பையை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. மற்றவை அப்படியே கிடக்கின்றன, அவற்றின் மேல் ஓர் எச்சரிக்கைச் சீட்டுடன்.

பல நகரங்களில் ஒரே தெருவுக்கு வெவ்வேறு நாட்களில் வெவ்வேறு வண்டிகள் வருகின்றன: மக்கும் குப்பைக்கு ஒன்று, மறுசுழற்சிப் பொருட்களுக்கு ஒன்று, எஞ்சியவற்றுக்கு ஒன்று. ஆகவே "குப்பை வண்டி என்று வரும்?" என்று கேட்பது போதாது. எந்த வகைக்கு எந்த நாள், எந்தத் தொட்டி அல்லது பை, எந்த இடத்தில், எத்தனை மணிக்குள் என்று கேட்க வேண்டும். நகராட்சியின் நாட்காட்டியில் இவை நான்கும் இருக்கும். அடுக்குமாடிக் குடியிருப்பென்றால், நகராட்சி விதிக்கு மேலாகக் கட்டட நிர்வாகத்தின் விதியும் உண்டு. பொது விடுமுறை வரும் வாரத்தில் எடுக்கும் நாள் தள்ளிப்போகக்கூடும் என்பதையும் அப்போதே கேட்டு வைத்துக்கொள்ளலாம். பக்கத்து வீட்டுத் தொட்டியைப் பார்த்துக் கற்றுக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன். அவர்கள் பல ஆண்டுகளாகத் தவறாகவே போட்டுவருபவர்களாக இருக்கலாம்.

அட்டைப்பெட்டியில் நேரும் தவறு எளிமையானது. பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் தொட்டியில் நிறைவது பெரும்பாலும் காற்றுதான். அடிப்பாக நாடாவைக் கத்தியால் கீறித் தட்டையாக்கி, கயிற்றால் கட்டினால், கூடத்தை அடைத்துக்கொண்டிருந்த குவியல் சுவரோரம் சாய்த்து வைக்கும் சில கட்டுகளாகிவிடும். ஒட்டிய நாடாவை முழுவதும் உரித்தெடுக்கத் தேவையில்லை. அட்டையை நீரில் கரைத்துக் கூழாக்கும்போது அது வடிகட்டப்பட்டுவிடும். எண்ணெய் அப்படியன்று. அது நீரில் கரையாமல் நார்களோடு ஒட்டிக்கொண்டு, உருவாகும் புதுத் தாளைக் கறையாக்கி வலுவையும் குறைக்கிறது. எண்ணெய் படிந்த பகுதியைக் கிழித்தெடுத்துவிட்டு மீதியைப் போடலாம். மழையில் நனைந்த அட்டையும் பெரும்பாலும் ஏற்கப்படுவதில்லை. தொட்டிக்கு வெளியே கட்டி வைத்த அட்டையை உங்கள் ஊரில் எடுப்பார்களா என்று முதலில் கேளுங்கள். எடுக்க மாட்டார்கள் என்றால், வீட்டுக்குள் உலர்வாக வைத்து வாரம் பத்துப் பெட்டிகளாக அனுப்புவதே சரி.

இனி, பலரும் நல்லெண்ணத்தோடு செய்கிற, ஆனால் மிகுந்த கேடு விளைவிக்கிற தவறுக்கு வருகிறேன். மறுசுழற்சிப் பொருட்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, வாயை முடிச்சிட்டு, மறுசுழற்சித் தொட்டியில் இடுவது அது. சுத்தமாகக் கட்டிக் கொடுத்தோம் என்றுதான் தோன்றும். ஆனால் எல்லா மறுசுழற்சிப் பொருட்களையும் ஒரே தொட்டியில் வாங்கும் ஊர்களில், அந்தப் பை தரம்பிரிக்கும் நிலையத்துக்குப் போகிறது. அங்கே ஓடும் பட்டையின் இருபுறமும் பணியாளர்கள் நின்று, ஒவ்வொரு பொருளையும் கண நேரத்தில் பார்த்து எடுக்கிறார்கள். கட்டிய பையை அவிழ்த்துப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. உள்ளே கண்ணாடித் துண்டோ ஊசியோ இருக்கலாம் என்ற அச்சமும் உண்டு. எனவே பல நிலையங்களில் அந்தப் பை முழுவதுமாக எரிக்கவோ புதைக்கவோ போய்விடுகிறது. நீங்கள் ஒவ்வொன்றாகக் கழுவிச் சேர்த்த பாட்டில்களும் அதனுடனே போகின்றன.

பணியாளர் கண்ணுக்குத் தப்பிய வெறும் பை இன்னும் மோசம். அட்டையையும் பாட்டிலையும் பிரிப்பதற்காக அங்கே வரிசையாகச் சுழலும் வட்டுகள் பொருத்தப்பட்டிருக்கும். தட்டையான தாள் அவற்றின் மேலேறிப் போகும், உருண்டையான பாட்டில் கீழே விழும். மெல்லிய பை அந்த வட்டுகளின் தண்டில் சுற்றிக்கொள்கிறது. ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி இடைவெளியை அடைத்தபின், இயந்திரத்தையே நிறுத்திவிட்டு, பணியாளர்கள் உள்ளே இறங்கி, கையில் கத்தியோடு அந்தச் சுருளை அறுத்தறுத்து இழுக்க வேண்டியிருக்கிறது. குமிழி உறையும், சாமான் கட்டிய கயிறும், பழைய மின்கம்பியும் இதே வேலையைச் செய்பவை. ஆகவே பொருட்களைத் தொட்டியில் தளர்வாகக் கொட்டிவிட்டு, பையைத் திரும்ப எடுத்துவாருங்கள். இதற்கு நேர்மாறாக, குறிப்பிட்ட நிறத்தில் ஒளி ஊடுருவும் பையில் கட்டித்தான் வைக்க வேண்டும் என்று கேட்கும் ஊர்களும் உண்டு. அங்கே அந்தப் பையை எதிர்பார்த்தே நிலையத்தை அமைத்திருப்பார்கள். எந்த ஊரில் எது என்பதை முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ள வேண்டியதன் காரணம் இதுதான்.

பிளாஸ்டிக் பொருளின் அடியில் உள்ள முக்கோணத்தையும் அதனுள் இருக்கும் எண்ணையும் நம்பிப் போடுவது மற்றொரு தவறு. 1988-இல் அமெரிக்காவில் அறிமுகமான அந்த 1 முதல் 7 வரையான எண்கள், பொருள் எந்த வகைப் பிளாஸ்டிக்கால் ஆனது என்பதை மட்டுமே சொல்கின்றன. அதை உங்கள் ஊர் மறுசுழற்சி செய்யும் என்ற உறுதிமொழி அதில் இல்லை. 1, 2 என்ற எண்களுள்ள பாட்டில்களையும் குடுவைகளையும் பல ஊர்கள் வாங்குகின்றன. தெர்மோகோல் 6-ஆம் எண்ணைச் சேர்ந்தது, அதைப் பெரும்பாலான ஊர்கள் வீட்டுத் தொட்டியில் ஏற்பதில்லை. ஐயமாக இருக்கும் பொருளை "எடுத்தால் எடுக்கட்டும்" என்று போட்டால், அது நல்ல பொருட்களோடு கலந்து அவற்றின் தரத்தையும் கெடுக்கும்.

மின்கலத்தில் நேரும் தவறு உயிரோடு விளையாடுவது. குப்பை வண்டிக்குள் பெரிய இரும்புத் தகடு ஒன்று குப்பையை அழுத்தி நசுக்குகிறது. லித்தியம் மின்கலம் அதில் நசுங்கினால், உள்ளே தனித்தனியாக இருக்க வேண்டிய அடுக்குகள் ஒன்றையொன்று தொட்டு, வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறித் தீப்பிடிக்கிறது. சுற்றிலும் இருப்பதோ காகிதமும் அட்டையும்! பவர் பேங்க், கைப்பேசி ஆகியவற்றில் அது இருப்பது எல்லோருக்கும் தெரியும். காதொலிக்கருவி, மின் பல்துலக்கி, பேசும் பொம்மை ஆகியவற்றில் இருப்பது பலருக்கு நினைவில் வருவதில்லை. இவற்றை எந்தத் தொட்டியிலும் போடக் கூடாது. முனைகளில் ஒட்டுநாடா ஒட்டி, மின்கலம் வாங்கும் மையத்தில் கொடுக்க வேண்டும். நம் குடும்பத்தின் பவர் பேங்க் போல உப்பியிருந்தால், அதை அழுத்தவோ குத்தவோ மின்னேற்றவோ கூடாது. எரியக்கூடிய பொருட்களிலிருந்து தள்ளி, உலோகப் பாத்திரத்தில் மணல் நிரப்பி அதில் வைத்துவிட்டு, அபாயக் கழிவுப் பிரிவை அழைத்துக் கேட்க வேண்டும்.

இனி மெத்தையும் குளிர்பதனப் பெட்டியும். பெரிய பொருட்களை வாராந்தர வண்டி எடுக்காது. முன்பதிவு செய்ய வேண்டும் என்பதே பெரும்பாலான ஊர்களின் நடைமுறை. தொலைபேசியிலோ இணையத்திலோ பதிவு செய்தால் ஒரு தேதியும் பதிவெண்ணும் தருவார்கள். சில ஊர்களில் கட்டணம் செலுத்தி வில்லை வாங்கிப் பொருளின் மேல் ஒட்ட வேண்டும். தேதி சில வாரங்கள் தள்ளிக் கிடைக்கலாம் என்பதால், சாமான் இறங்கும் முன்பே பதிவு செய்வது நல்லது. பதிவில் "பழைய சாமான்கள்" என்று பொதுவாக எழுதுவது பலரும் செய்யும் பிழை. எடுக்க வருபவரின் பட்டியலில் இல்லாத பொருள் வண்டியில் ஏறாது. "இருவர் படுக்கும் மெத்தை, ஒன்று, குளிர்பதனப் பெட்டி, ஒன்று" என்று எண்ணிக்கையோடு எழுத வேண்டும். பெட்டிக்குப் பெரும்பாலும் வேறு வண்டியோ வேறு நாளோ ஒதுக்குவார்கள், ஏனெனில் அதன் குழாய்களில் உள்ள குளிரூட்டும் வாயுவைத் தகுந்த கருவியால் உறிஞ்சி எடுத்தபிறகே அதை உடைக்க வேண்டும். செம்புக்காகக் குழாயை அறுத்தால் வாயு காற்றில் கலந்துவிடும். வெளியே வைக்கும்போது கதவைக் கழற்றிவிடுங்கள், முடியாவிட்டால் திறக்க முடியாதபடி கட்டிவிடுங்கள். விளையாட்டாக உள்ளே புகுந்த குழந்தை மூச்சுத் திணறி இறக்க நேரிடும்.

மெத்தை விஷயத்தில் நானே தவறு செய்திருக்கிறேன். பதிவு செய்த நாளுக்கு இரண்டு நாள் முன்பே வாசலில் சாய்த்து வைத்தேன், அன்றிரவு மழை. மெத்தை நீரை உறிஞ்சி, வந்த இருவரால் தூக்க முடியாத கனமாகிவிட்டது. "காய வைத்து மறுபடி பதிவு பண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்; அவர்கள்மேல் குறை சொல்ல எதுவுமில்லை. எடுக்கும் நாளுக்கு முந்தைய நாள் மாலையில்தான் வெளியே வைக்க வேண்டும், அதுவும் பிளாஸ்டிக் உறையில் முழுவதும் சுற்றி. மூட்டைப்பூச்சி பரவாமலிருக்க அந்த உறையைக் கட்டாயமாக்கியிருக்கும் ஊர்களும் உண்டு.

காத்திருக்கப் பொறுமையின்றி, தெருவில் கேட்கும் எவரிடமாவது பணம் கொடுத்து ஏற்றிவிடுவதும் நடக்கிறது. அவர் அதை ஊர்க்கோடி ஓடையில் தள்ளினால், பெட்டியில் ஒட்டியிருக்கும் உங்கள் முகவரிச் சீட்டு உங்களைத்தான் காட்டிக்கொடுக்கும். பல ஊர்களில் அபராதம் பொருளுக்கு உரியவருக்கே வரும். எங்கே கொண்டு போகிறார், உரிமம் இருக்கிறதா என்று கேட்டு ரசீது வாங்குங்கள். புது மெத்தையும் பெட்டியும் வாங்கப் போகிறீர்கள் என்றால், கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வார்களா என்று பணம் கட்டும் முன் கேட்பது எல்லாவற்றிலும் எளிய வழி.

நம் குடும்பம் சரியாகச் செய்திருந்தால் இப்படிப் போயிருக்கும்: சாவி வாங்கிய நாளிலேயே மெத்தையைப் படமெடுத்து வீட்டு உரிமையாளருக்கு அனுப்பி, அகற்றும் பொறுப்பை அவரிடமே விட்டிருப்பார்கள். குளிர்பதனப் பெட்டி பழுதானது தெரிந்த அன்றே அதற்குப் பதிவு. பவர் பேங்க் திங்களன்று அபாயக் கழிவுப் பிரிவின் கைக்குப் போயிருக்கும். அட்டைப்பெட்டிகள் நான்கு வாரங்களில் பத்துப் பத்தாகக் குறைந்திருக்கும். தெர்மோகோலும் குமிழி உறையும், அவற்றை வாங்கும் மையம் ஊரில் இல்லையென்றால், எஞ்சிய குப்பைத் தொட்டியில் ஒவ்வொரு வாரமும் மூடி மூடும் அளவுக்கு மட்டும் போயிருக்கும்.